நோவு போனபின் நின்றுவிட்ட கட்டி: மேலிமைக் கலேசியன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் காசாளராக வேலை செய்யும் 47 வயதுப் பெண்ணொருவர், சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரத்தில் எமது குடும்ப மருத்துவ நிலையத்துக்கு வந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் நாம் எடுத்த தீர்மானங்களையும் மாற்றவில்லை. வலது கண்ணின் மேலிமையில் ஒரு கட்டி இருந்தது. அது வந்து ஐந்து வாரமாகியிருந்தது. "நோவு ஒண்டும் இல்லை டொக்டர், ஆனா போகவும் மாட்டன் எண்டுது" என்பதே அவர் சொன்ன முதல் வார்த்தை. கேட்டுப் பார்த்தபோது, இவருடைய கவலையின் மையமே அந்த நோவின்மைதான் என்று தெரிந்தது. நோகிற கட்டி என்றால் பழுக்கும், உடையும், போய்விடும். நோகாமல் கல்லுப் போல நிற்கிற கட்டி புற்றுநோயாக இருக்கும் என்று வீட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

தொடக்கம் சாதாரணமானது. பங்குனி மாதத்தில் ஒருநாள் காலை மேலிமையின் ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. கண்ணைச் சிமிட்டினாலே நொந்தது. கண்கட்டி என்று எல்லோருக்கும் தெரிந்த நிலை அது. புத்தாண்டு வியாபாரம் தொடங்கியிருந்ததால் விடுப்பு எடுக்க வழியில்லை. மாமியார் மோதிரத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி இமையில் வைத்துவிட்டார். மச்சாள் பாமசியில் கேட்டு ஒரு துளிமருந்து வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் சிவப்பும் நோவும் போய்விட்டன. ஆனால் இமையின் நடுவில் பயறளவில் ஒன்று மிஞ்சியது. அது கரையும் என்று காத்திருந்தார். கரையாமல் மெல்லப் பெருத்தது. துளிமருந்து இன்னும் வேலை செய்யவில்லை என்று எண்ணி, விட்டுவிட்டு ஏறத்தாழ மூன்று வாரம் அதைப் போட்டிருக்கிறார்.

அந்தத் துளிமருந்துப் போத்தலைக் கையோடு கொண்டுவந்திருந்தது நல்லதாயிற்று. சிட்டையைப் பார்த்தபோது அதில் அன்டிபயோட்டிக்கோடு ஸ்டீரொயிட்டும் கலந்திருந்தது. இந்த வகைக் கலவையை வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் போடக்கூடாது. சிலருக்கு ஸ்டீரொயிட் துளிகள் சில வாரங்களிலேயே கண்ணழுத்தத்தை உயர்த்திவிடும். அந்த உயர்வு நோகாது, சிவக்காது, ஆகவே போடுகிறவருக்குத் தெரியவும் தெரியாது. இமையின் தகட்டுக்குள் புதைந்திருக்கும் கட்டிக்கு அந்தத் துளியால் பயன் மிகக் குறைவு. கண்ணுக்கோ ஆபத்து உண்டு.

முதல் பரிசோதனையில் கண்டவை

கட்டி ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் விட்டமுடையதாக, இமையின் நடுப்பகுதியில், இமைமயிர்க் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது. தொட்டால் கடினமாக, உருண்டையாக இருந்தது, அழுத்தினால் நோகவில்லை. மேலேயிருந்த தோலை விரலால் அசைத்தால் தோல் கட்டியின் மேல் வழுக்கிச் சென்றது, கட்டி மட்டும் அசையாமல் நின்றது. கட்டி தோலில் இல்லை, அதற்குக் கீழே இமைக்கு விறைப்பைத் தரும் தகட்டில் இருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். இமையைப் பிரட்டிப் பார்த்தபோது உட்பக்கத்தில் அதே இடத்தில் சிவப்பும் சாம்பலும் கலந்த ஒரு பொட்டுத் தெரிந்தது.

அடுத்து நான் தேடியவை பெரும்பாலும் இருக்கக்கூடாதவை. கட்டி இருந்த இடத்தில் இமைமயிர் உதிர்ந்திருக்கவில்லை. தோலில் புண்ணோ, மேற்பரப்பில் புடைத்த இரத்தக்குழாய்களோ, இமையோரத்தின் உருவம் குலைந்த இடமோ இல்லை. காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நெறி கட்டியிருக்கவில்லை. இதே இடத்தில் முன்னர் கட்டி வந்து, அகற்றி, மீண்டும் வந்த வரலாறும் இல்லை. இவற்றுள் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் ஒத்தடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் அன்றே கண் வைத்திய நிபுணரிடம் அனுப்பியிருப்பேன்.

இரண்டு கண்களின் இமையோரங்களிலும் சுரப்பிகளின் வாய்கள் அடைபட்டு, மயிர்க் காலடியில் பொடுகு போன்ற செதில்கள் ஒட்டியிருந்தன. கண்மையை இமையின் உள்ளோரத்தில், அதாவது அந்தச் சுரப்பிகளின் வாய்க்கு மேலேயே, தினமும் தீட்டும் பழக்கம் இவருக்குச் சிறுவயது முதல் உண்டு.

பார்வையையும் பார்த்தேன். கட்டிக்கு வந்தவரைப் பார்வை அட்டையின் முன் நிறுத்துவது பல இடங்களில் விடுபட்டுப்போகிற ஒன்று. இடது கண் 6/6, அதாவது இயல்பான பார்வை. வலது கண் 6/9, அதாவது சற்று மங்கல். ஊசித்துளை அட்டையின் ஊடாகப் பார்க்கச் சொன்னபோது வலது கண்ணும் 6/6 ஆனது. ஊசித்துளை ஊடாகத் தெளிவடையும் மங்கல், கண்ணின் உட்புற நோயால் அல்ல, ஒளி விலகும் விதத்தால் வருவது. இங்கே அதற்குக் காரணம் கட்டி கருவிழியை மேலிருந்து அழுத்தி அதன் வளைவைச் சற்றே மாற்றியிருந்ததுதான். கடையில் பற்றுச்சீட்டின் எண்கள் சில வேளை இரட்டையாகத் தெரிவதாகவும், அதை வேலைக் களைப்பு என்று நினைத்ததாகவும் அப்போதுதான் சொன்னார். இவர் பெரியவர் என்பதால் இந்த மங்கல் அவசரமானதல்ல. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு இதே அளவு மங்கல் இருந்திருந்தால் தீர்மானம் வேறாக இருந்திருக்கும். அந்த வயதில் ஒரு கண் நீண்டகாலம் மங்கலாகப் பார்த்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகாமலே போகக்கூடும்.

கட்டி ஏன் நோவின்றி நின்றது

நோயாளிக்கு நான் விளக்கியதை இங்கும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் அடுத்து எடுத்த தீர்மானங்கள் எல்லாம் இதிலிருந்தே வந்தன.

மேலிமையின் தகட்டுக்குள் ஏறத்தாழ முப்பது மைபோமியன் சுரப்பிகள் மேலிருந்து கீழாக ஓடும்படி பக்கம்பக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன; கீழிமையில் இன்னும் சற்றுக் குறைவு. அவை சுரக்கும் எண்ணெய் இமையோரத்தில் உள்ள நுண்துளைகள் வழியாக வெளிவந்து, கண்ணீர் விரைவில் ஆவியாகாதபடி அதன்மேல் ஒரு மெல்லிய படலமாகப் பரவுகிறது. துளை அடைபட்டால் எண்ணெய் உள்ளேயே தேங்கித் தடித்துப்போகிறது. இந்த அடைப்பில் கிருமி சேர்ந்தால், பெரும்பாலும் நம் தோலிலேயே வாழும் ஸ்டபிலோகொக்கஸ் கிருமி, சில நாட்களுக்கு நோவும் சிவப்பும் சீழும் வரும். அதுதான் கண்கட்டி. கிருமியை உடல் வென்றபின் நோவு போய்விடும். ஆனால் சுரப்பியின் சுவர் உடைந்து எண்ணெய் சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிந்திருந்தால், உடல் அந்த எண்ணெயை வெளிப்பொருளாகக் கருதி அதைச் சுற்றி அழற்சிக் கலங்களால் ஓர் உறை கட்டத் தொடங்கும். அந்த உறையோடு கூடிய கடினமான உருண்டையே கலேசியன்.

ஆகவே நோவு போன நாளில் நோய் முடிந்துவிடவில்லை. அதன் தன்மை மாறியது. முன்னர் இருந்தது கிருமித் தொற்று. இப்போது இருப்பது தேங்கிய எண்ணெயும் அதைச் சூழ்ந்த அழற்சியும். கிருமி இல்லாத இடத்தில் அன்டிபயோட்டிக் செய்வதற்கு ஒன்றுமில்லை. இதைக் கேட்டதும் நோயாளி, "அப்ப மருந்தே இல்லையா?" என்று கேட்டார். மருந்து உண்டு, அது சூடு என்றேன். இத்தனை தூரம் வந்து சுடுதண்ணீரைப் பரிந்துரையாகப் பெறுகிறோமே என்ற ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது.

முதல் தீர்மானமும் அதற்கான காரணமும்

துளிமருந்தை அன்றோடு நிறுத்தச் சொன்னேன். புதிய மருந்து எதுவும் எழுதவில்லை. கண்மையைத் தற்காலிகமாக விடவும், சூடான ஒத்தடத்தைச் சரியான முறையில் நான்கு வாரம் செய்யவும், இடையில் இரண்டு வாரத்தில் ஒருமுறை வந்து காட்டவும் சொன்னேன். கலேசியன் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், வெட்டாமலே அது கரைந்துவிடுகிறது. புதிதாக வந்ததும் சிறியதுமான கட்டிகளே விரைவாகக் கரைகின்றன. இவருடையது ஐந்து வாரப் பழமையானது என்றாலும், அதற்கு இதுவரை உண்மையான சூடு படவேயில்லை என்பது விசாரித்தபோது தெரிந்தது.

"ஒத்தடம் வைச்சுப் பாத்தாச்சு, கேக்கேல்லை" என்றுதான் முதலில் சொன்னார். எப்படி வைத்தீர்கள் என்று கேட்டேன். காலையில் சமைக்கும்போது ஒரு கைக்குட்டையைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து இமையில் வைத்து, அது ஆறியதும் எடுத்துவிடுவார். அடுப்பைக் கவனித்துக்கொண்டே செய்வதால் எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம். மாலையில் நினைவிருந்தால் இன்னொரு முறை. இதில் ஒத்தடம் என்ற பெயர் இருக்கிறது; கட்டிக்குள் போகக்கூடிய சூடு இல்லை.

தடித்த எண்ணெய் இளகவேண்டுமானால் இமையின் உட்பகுதி ஏறத்தாழ 40 பாகை செல்சியஸை அடைந்து சில நிமிடம் அந்த நிலையில் நிற்கவேண்டும். இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது. ஆனால் அதன் கீழ் ஓடும் இரத்தம் சூட்டை இடைவிடாது எடுத்துச் சென்றுவிடும். ஆகவே வெளியே ஒரு நிமிடம் பட்ட வெப்பம் தகட்டை எட்டுமுன்பே கலைந்துபோகிறது. மறுபக்கம், வெளித்தோலில் 45 பாகைக்கு மேற்பட்ட சூடு நீடித்தால் தோல் வெந்துவிடும். வேலை செய்யும் சூட்டுக்கும் சுடும் சூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி இவ்வளவு குறுகலானது. அவித்த முட்டையை அப்படியே துணியில் சுற்றி வைத்து இமையைச் சுட்டுக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முட்டையின் உட்பகுதி வெளியோட்டைவிட அதிகச் சூட்டில் இருப்பதால் வைத்த பின்னும் அது சூடேறிக்கொண்டிருக்கும்.

ஒத்தடத்தைச் செய்து காட்டியது

வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று தாதியிடம் ஒரு கிண்ணமும் சுடுநீர்ப் பிளாஸ்க்கும் இரண்டு சிறிய துவாய்களும் கொண்டுவரச் சொன்னேன். முதலில் நோயாளி தன் வழக்கப்படி கைக்குட்டையை நனைத்துத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தார். மின்விசிறிக் காற்றில் இரண்டு நிமிடத்துக்குள் அது வெறும் ஈரத்துணியாகிவிட்டதை அவரே உணர்ந்தார். நான் சொன்ன விளக்கத்தைவிட அந்த இரண்டு நிமிடம் அதிகம் சொல்லியிருக்கும்.

பின்னர் சரியான முறையைக் காட்டினோம். பிளாஸ்க் நீரோடு குழாய்நீரைக் கலந்து, மணிக்கட்டின் உட்புறத்தால் பொறுக்கக்கூடிய, ஆனால் நன்றாகச் சுடுகிற அளவுக்குக் கொண்டுவரவேண்டும். இரண்டு துவாய்களையும் நான்காக மடித்து அதில் நனைக்கவேண்டும். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு துவாயைப் பிழிந்து இமையின்மேல் வைக்கவேண்டும், கண்மணியை அழுத்தக்கூடாது. இரண்டு நிமிடத்தில் அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு மற்றத் துவாயை வைக்கவேண்டும். கிண்ணத்து நீரும் ஆறும் என்பதால் இடையிடையே பிளாஸ்க்கிலிருந்து சிறிது ஊற்றி, ஊற்றிய ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் மறுபடி பார்க்கவேண்டும். இப்படிப் பத்து நிமிடம்.

சூடு அடங்குமுன் தேய்ப்பைச் செய்யவேண்டும், ஏனெனில் இளகிய எண்ணெய் சில நிமிடங்களில் மீண்டும் தடித்துவிடும். சுத்தமான விரலின் நுனியால் மேலிமையை மேலிருந்து கீழ்நோக்கி, இமைமயிரின் பக்கமாக, மென்மையாகத் தடவிவர வேண்டும். சுரப்பிகளின் வாய்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. கீழிமையில் கட்டி இருந்தால் தடவல் கீழிருந்து மேல்நோக்கி இருக்கவேண்டும். வட்டமாகத் தேய்ப்பதாலும் குறுக்கே தேய்ப்பதாலும் எண்ணெய் வெளிவரும் திசை கிடைப்பதில்லை. இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்துப் பிதுக்கக்கூடாது என்று தனியாகவும் அழுத்தமாகவும் சொன்னேன்.

நாளுக்கு நான்கு முறை என்பது நூல்வழக்கு. காலை எட்டரைக்கு வீட்டை விட்டு இரவு எட்டுக்குத் திரும்பும் ஒருவரிடம் அதைக் கேட்பது வீண். காலையில் குளிக்குமுன், மதியம் கடையின் உணவறையில், இரவு படுக்குமுன் என மூன்று முறைக்கு இணங்கினோம். மதியத்துக்கு வீட்டிலிருந்தே பிளாஸ்க் கொண்டுபோவதாகச் சொன்னார். இரவு ஒத்தடத்துக்குப் பின் இமையோரத்தை, கொதித்தாறிய நீரில் ஓரிரு துளி குழந்தை ஷாம்பூ கலந்து பஞ்சால் துடைக்கச் சொன்னேன். அது கட்டிக்கானதல்ல, மற்றச் சுரப்பிகளின் வாய் அடையாமல் இருப்பதற்கானது.

இடையில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு

இரண்டாம் வார வருகையில் கட்டி தெளிவாகச் சிறுத்திருந்தது. தொட்டால் முன்னைய கடினமும் இல்லை. வலக்கண் பார்வை உதவியின்றியே 6/6 ஆகியிருந்தது. அவருக்கும் ஊக்கம் வந்திருந்தது. அந்த ஊக்கமே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைச் சிக்கலில் விட்டது. இளகிவிட்டதே, கொஞ்சம் அழுத்தினால் வெளியே வந்துவிடும் என்று சனி இரவு கண்ணாடியின் முன் நின்று பிதுக்கியிருக்கிறார். காலையில் மேலிமை வீங்கிச் சிவந்து நொந்ததால் நிலையத்தின் அவசர எண்ணுக்கு அழைத்தார்.

தொலைபேசியில் நான் வரிசையாகக் கேட்டது இவைதான். காய்ச்சல் இருக்கிறதா? கண்ணை மேலும் கீழும் பக்கமும் அசைத்தால் கண்ணுக்குள் நோகிறதா, எந்தத் திசையிலாவது அசையாமல் நிற்கிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? இமையை விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் முன்போலத் தெரிகிறதா, மங்கலா? மற்றக் கண்ணோடு ஒப்பிட்டால் இந்தக் கண் முன்தள்ளியிருக்கிறதா? இவற்றுள் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்திருந்தாலும், தொற்று இமையைத் தாண்டிக் கண்குழிக்குள் இறங்கியிருக்கலாம் என்று கருதி, நிலையத்துக்கு வராமல் நேரே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லியிருப்பேன். கண்குழிக்குள் இறங்கிய தொற்று பார்வையையும், அரிதாக உயிரையும், பறிக்கக்கூடியது; அங்கே மணித்தியாலக் கணக்கு முக்கியம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அன்று மாலையே வரவழைத்துப் பார்த்தேன். வீக்கம் இமைக்குள் மட்டும் அடங்கியிருந்தது. கண் எல்லாத் திசையிலும் நோவின்றி அசைந்தது. சிவப்பின் எல்லையைத் தோலில் பேனாவால் குறித்து, அது கோட்டைத் தாண்டினால் உடனே வரச் சொல்லி அனுப்பினேன். தாண்டவில்லை. மூன்று நாளில் சிவப்பு வடிந்தது; அதன்பின் ஒத்தடம் தொடர்ந்தது.

நின்றுபோன முன்னேற்றமும் அனுப்பும் தீர்மானமும்

நான்காம் வாரத்தில் கட்டி ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். ஆறாம் வாரத்திலும் அதே 4 மில்லிமீற்றர், மீண்டும் கடினப்பட்டிருந்தது. பிதுக்கியதால் உறை இன்னொரு முறை கிழிந்து புதிய அழற்சி மூண்டிருக்கலாம் என்பது என் ஊகம். உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஒத்தடத்தை அவர் ஒழுங்காகச் செய்திருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை, செய்முறையை மறுபடி செய்து காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. இன்னும் இரண்டொரு மாதம் காத்திருக்கலாம். நோவில்லை, பார்வை திரும்பிவிட்டது, பொறுமையாக இருந்தால் கரைகிற கட்டிகளும் உண்டு. அல்லது கண் வைத்திய நிபுணரிடம் அனுப்பலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்ததற்குக் காரணம் கட்டியின் அளவல்ல. கட்டி தோன்றி மூன்று மாதத்தை நெருங்கியிருந்தது, ஒழுங்கான ஒத்தடத்தின் கீழும் முன்னேற்றம் நின்றிருந்தது, நோயாளி நாற்பதைத் தாண்டியவர். இதே மைபோமியன் சுரப்பிகளிலிருந்து அரிதாக ஒரு புற்றுநோய் உருவாகும். அது தொடக்கத்தில் கலேசியன் போலவே நோவின்றிக் கடினமாக இருந்து பார்ப்பவரை ஏமாற்றும். மேற்கத்திய மக்களோடு ஒப்பிட்டால் ஆசிய மக்களிடம் இமைப் புற்றுநோய்களுள் அதன் பங்கு அதிகம். மேலிமையில் வருவதே மிகுதி. இவருக்கு அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றே நினைத்தேன், அதை மறைக்காமல் அவரிடமும் சொன்னேன்: "நீங்கள் பயப்படுகிறது இதாக இருக்காது, ஆனால் கரையாமல் நிற்கிற ஒன்றை ஊகத்தில் விடாமல் எடுத்துப் பரிசோதிப்போம்." அச்சத்தைச் சொல்லி அனுப்புவதைவிடக் காரணத்தைச் சொல்லி அனுப்புவது இவருக்கு எளிதாக இருந்தது, வீட்டில் முன்பே அந்தச் சொல் ஒலித்துக்கொண்டிருந்ததால் அதைத் தவிர்த்துப் பேசியிருந்தால் சந்தேகமே வளர்ந்திருக்கும்.

குடும்பத்தார் தனியார் வைத்தியசாலையில் செனல் செய்யலாமா என்று கேட்டனர். எங்கு போனாலும் செய்யப்படுவது ஒன்றுதான் என்றும், கொழும்பில் உள்ள தேசிய கண் வைத்தியசாலையில் இதைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம் என்றும் சொல்லி, கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தில் கட்டி தோன்றிய காலம், ஒத்தடத்தின் விவரம், ஒவ்வொரு வருகையிலும் அளந்த அளவு, ஊசித்துளையோடும் இன்றியும் பார்வை, ஸ்டீரொயிட் துளி போட்ட காலம் ஆகியவற்றை எழுதினேன். கண்ணழுத்தத்தை அளந்து பார்க்கும்படியும் கேட்டிருந்தேன். எமது நிலையத்தில் அதற்கான கருவி இல்லை.

கண் வைத்தியசாலையில் நடந்தது

அங்கு அளந்த கண்ணழுத்தம் இரு கண்களிலும் இயல்பாக இருந்தது. கட்டிக்குள் ஸ்டீரொயிட் ஊசி போடுவது ஒரு வழி என்று நிபுணர் நோயாளியிடம் விளக்கியிருக்கிறார். வெட்டின்றிப் பல கட்டிகளைக் கரைக்கக்கூடிய வழி அது. ஆனால் நம்மைப் போன்ற கருநிறத் தோலில் ஊசி போட்ட இடம் வெளிறிப்போய்த் தழும்பு போலத் தெரியக்கூடும் என்பதும், ஊசியால் கரைந்தால் பரிசோதனைக்கு அனுப்பத் திசு கிடைக்காது என்பதும் இவருடைய விஷயத்தில் அதற்கு எதிராக நின்றன. ஆகவே கீறி எடுப்பது என்று தீர்மானித்தார்கள்.

வேலை சிறியது. கண்ணில் மரப்புத் துளி விட்டு, இமைக்குள் விறைப்பு ஊசி போட்டு, கட்டியை நடுவில் வைத்து வளைய வடிவக் கவ்வியால் இமையைப் பிடித்துப் பிரட்டினார்கள். கீறல் உட்பக்கத்தில், இமையோரத்துக்குச் செங்குத்தாக இடப்பட்டது. சுரப்பிகள் ஓடும் அதே திசை என்பதால் அண்டைச் சுரப்பிகள் வெட்டுப்படுவதில்லை, வெளியே தழும்பும் விழுவதில்லை. உள்ளே இருந்த கொழகொழப்பான பொருளைச் சிறு கரண்டியால் சுரண்டி எடுத்து, உறையின் ஒரு பகுதியோடு திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தையல் போடவில்லை. விறைப்பு ஊசி போகும் கணம் மட்டும் நொந்தது, மற்றது அழுத்தமாகவே தெரிந்தது என்று நோயாளி சொன்னார். கண்ணைக் கட்டி அனுப்பினார்கள். கண்ணின் மேலிருந்த கட்டை அன்று மாலை அவிழ்த்தார். ஒரு வாரம் அன்டிபயோட்டிக் களிம்பு போட்டார். இமையில் கன்றிய நிறம் பத்து நாள் வரை நின்றதால் கடைக்குக் கறுப்புக் கண்ணாடி அணிந்து போனார்.

திசுப் பரிசோதனை அறிக்கையில் எண்ணெய்த் துளிகள் இருந்த வெற்றிடங்களும் அவற்றைச் சூழ்ந்த நாட்பட்ட அழற்சிக் கலங்களும் காணப்பட்டன. புற்றுநோய்க் கலங்கள் இல்லை. கலேசியன் என்பது உறுதியாயிற்று. அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தது மாமியார். மருமகள் கடையில் நின்றபடியால் தானே வந்ததாகச் சொன்னார்.

பின்னைய நிலை

மூன்று மாதத்துக்குப் பின் பார்த்தபோது கட்டியின் இடம் கண்டுபிடிக்க முடியாதபடி இருந்தது. பார்வை இரு கண்ணிலும் 6/6. ஆனால் முதல் பரிசோதனையில் இரு கண்களிலும் கண்ட இமையோர அழற்சி முழுதும் போய்விடவில்லை. போகவும் போகாது, அது கட்டுப்படுத்தி வைக்கக்கூடிய, நீண்டகால நிலை. கட்டியை அகற்றியது அடைபட்ட ஒரு சுரப்பியைத் தீர்த்தது. மற்றவை அடைபடக்கூடிய நிலை அப்படியே இருக்கிறது. ஆகவே ஒத்தடத்தை நாளுக்கு ஒருமுறையாகக் குறைத்து, இமையோரத் துடைப்பைத் தொடரச் சொன்னேன். கண்மையை முழுதும் விட இவர் இணங்கவில்லை. இமைமயிருக்கு வெளியே மட்டும் தீட்டுவது, இரவு படுக்குமுன் கட்டாயம் அகற்றுவது, பழைய மைக்கூட்டை எறிந்துவிடுவது என்பதில் உடன்பாடு கண்டோம்.

இந்த நிகழ்வுக்குப் பின் மாற்றியவை

கண்கட்டியோடு வருகிறவர்களுக்கு, நோவு போனபின் கடினமான உருண்டை மிஞ்சக்கூடும் என்பதை இப்போது முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறோம். மிஞ்சினால் துளிமருந்தைத் தேடாமல் அன்றிலிருந்தே முறையான ஒத்தடத்தைத் தொடங்கவேண்டும் என்பதும் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இந்த நோயாளிக்கு அந்த ஐந்து வாரம் கிடைத்திருந்தால் கத்தி தேவைப்பட்டிருக்காது என்று சொல்லமாட்டேன். கட்டி சிறிதாக இருக்கும்போதே சூடு பட்டிருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

ஒத்தடத்தைத் தாதி ஒவ்வொருவருக்கும் செய்து காட்டுகிறார். நோயாளி அதை ஒருமுறை தானே செய்து காட்டியபின்தான் வீட்டுக்குப் போகிறார். பிதுக்கக்கூடாது என்பதை இரண்டாம் வார வருகையில், கட்டி இளகியிருக்கும் வேளையில், மீண்டும் சொல்கிறோம். பிதுக்கத் தோன்றுவது அப்போதுதான். வயது எதுவாயினும் இமைக்கட்டி உள்ள எல்லோருக்கும் பார்வையை அளந்து எழுதுகிறோம்.

முதல் வருகையிலேயே ஒரு சீட்டில் இரண்டு விஷயங்களை எழுதிக் கொடுக்கிறோம். ஒன்று, முறையான ஒத்தடம் தொடங்கி ஆறு வாரத்துக்குப் பிறகு வரும் ஒரு திகதி: அதற்குள் கரையாவிட்டால் கண் நிபுணரிடம் கடிதம் எழுதப்படும். மற்றது, அந்தத் திகதிக்குக் காத்திராமல் வரவேண்டிய நிலைகள்: இமைமயிர் உதிர்தல், கட்டியின் மேல் புண் அல்லது இரத்தக் கசிவு, அகற்றிய இடத்திலேயே மீண்டும் வருதல், பார்வை மங்கல், இவற்றுக்கு அதே வாரத்தில் வரவேண்டும். காய்ச்சல், கண்ணை அசைத்தால் நோவு, இரட்டைப் பார்வை, கண் முன்தள்ளல், வீங்கிச் சிவந்த இமையோடு பார்வை மங்கல் ஆகியவற்றுக்கு அந்த மணித்தியாலமே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். எமது நிலையம் திறக்கும்வரை காத்திருக்கக்கூடாது என்பது சீட்டின் அடியில் தடித்த எழுத்தில் இருக்கிறது.